25-இல் ஏற்றி 29-இல் வடிப்பது: தூத்துக்குடி முறையில் கடலுப்பு விளைவிக்க ஒரு முழு வழிகாட்டி

ஓர் ஏக்கர் பாத்தியில் உப்பு விளைய வேண்டுமானால், அதற்கு மேலே சுமார் பத்து ஏக்கரில் வெறும் தண்ணீர் காய்ந்துகொண்டிருக்க வேண்டும். அளத்தைப் பார்க்க வருகிறவர்கள் கண் கூசும் வெள்ளைப் பாத்தியைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் எத்தனை டன் வரும், எவ்வளவு வெள்ளையாக வரும், வாரிய பிறகு கசிந்து ஒழுகுமா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பத்து ஏக்கரிலேயே முடிவாகிவிடுகிறது. நீரின் அடர்த்தியைச் சொல்லும் டிகிரிக் கணக்கில், பாத்திக்கு எந்த டிகிரியில் தண்ணீர் ஏற்றுகிறோம், எந்த டிகிரியில் வடிக்கிறோம் என்ற இரண்டு எண்களைக் கைவசப்படுத்தியவருக்கு உப்புத் தொழிலில் பாதி வந்துவிட்டது என்று சொல்லலாம்.

இந்த வழிகாட்டி தூத்துக்குடிப் பக்கத்துச் சிறு அளங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டிவிடுகிறது. தை பிறந்ததும் அளத்தைத் திருத்தத் தொடங்கி, மாசி, பங்குனியில் முதல் வாருதல், பிறகு புரட்டாசி வரைக்கும் விளைச்சல் என்று ஆண்டு ஓடுகிறது. கையால் வாரும் பாத்திகளுக்கான கணக்குகளே இங்கே உள்ளன. இயந்திரம் இறங்கி வாரும் பெரிய அளங்களில் உப்பைத் தடிமனாகச் சேரவிடுவார்கள்; அதன் முறை வேறு.

டிகிரி என்ன சொல்கிறது

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் 27 கிராம் அளவுதான் நமக்கு வேண்டிய சோடியம் குளோரைடு. மீதி மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள். தண்ணீர் ஆவியாக ஆக இவை எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. ஒவ்வொன்றாக, ஒரு வரிசையில் படிகின்றன. இந்த வரிசை மட்டும் இல்லையென்றால் வெயிலில் காய வைத்து நல்ல உப்பு எடுக்கவே முடியாது.

தண்ணீரின் அடர்த்தியைப் போமே மானியால் அளக்கிறோம். அளத்தில் எல்லாரும் சுருக்கமாக 'டிகிரி' என்பார்கள். கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரி. அங்கிருந்து ஏறும்போது முதலில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, கொஞ்சமாகப் படிந்து போகிறது. ஏறக்குறைய 13 டிகிரியில் ஜிப்சம் விழத் தொடங்குகிறது. 25 டிகிரிக்குள் அதில் பெரும்பகுதி கீழே போய்விடும். 25-ஐத் தாண்டியதும், சரியாகச் சொன்னால் 25.5-ஐ ஒட்டி, உப்பு படிகமாகத் தொடங்குகிறது. 29, 30 டிகிரிக்கு மேல் போனால் மக்னீசியம் உப்புகளின் கை ஓங்குகிறது. எஞ்சுவது கசப்புநீர்.

அளவையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகும். உசிலியோ என்ற இத்தாலிய வேதியியலாளர் 1849-இல் மத்தியதரைக் கடல் நீரைப் படிப்படியாகக் காய்ச்சி அளந்த எண்கள் இன்றும் அளக் கணக்குக்கு அடிப்படை. அந்தக் கடல் நம் கடலைவிடக் கொஞ்சம் கரிப்பு கூடியது. நம் நீருக்கு ஏற்றபடி குறைத்து முழு எண்ணாக்கினால், 1,000 லிட்டர் கடல்நீர் இப்படிச் சுருங்கும்:

- 7 டிகிரியில் சுமார் 490 லிட்டர்
- 14 டிகிரியில் சுமார் 220 லிட்டர்
- 25 டிகிரியில் சுமார் 100 லிட்டர்
- 29 டிகிரியில் சுமார் 33 லிட்டர்

கடல்நீர் 7 டிகிரிக்கு வருவதற்குள்ளேயே பாதித் தண்ணீர் போய்விடுகிறது. 25-க்கு வரும்போது பத்தில் ஒன்பது பங்கு போயாயிற்று. அதுவரை ஒரு கல் உப்புகூட விளைந்திருக்காது. அடுத்த 67 லிட்டர் ஆவியாகும்போதுதான் நாம் வாரும் உப்பு முழுவதும் விழுகிறது. கரைந்திருந்த 27 கிலோவில் சுமார் 20 கிலோ 29 டிகிரிக்குள் பாத்தியில் படிந்துவிடும். மீதி 7 கிலோ கசப்புநீரோடு போகிறது. அதையும் பிடித்துவிடலாமே என்ற ஆசைதான் பல அளங்களில் உப்பைக் கெடுக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

மானியைப் பார்ப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். அது அடர்த்தியை அளக்கிற கருவி. தண்ணீர் சூடாக இருந்தால் அடர்த்தி குறையும், எண்ணும் குறைத்துக் காட்டும். அதிகாலையில் 25 காட்டிய அதே தண்ணீர் உச்சி வெயிலில் அரை டிகிரிக்கும் மேலாகக் குறைத்துக் காட்டலாம். எனவே தினமும் ஒரே நேரத்தில், காலை வெயில் ஏறுவதற்குள் பாருங்கள். மேல்மட்டத்தில் மட்டும் மொள்ளாமல், ஒருமுறை கலக்கிவிட்டு நடுவாழத்திலிருந்து எடுங்கள். மானியின் தண்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் உப்பைத் துடைக்காமல் விட்டால் அதன் எடையே எண்ணை மாற்றிவிடும்.

வெயில், காற்று, கரிப்பு

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். தெளிந்த கோடை நாளில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் 20 மெகாஜூலுக்குச் சற்று மேல். அது முழுவதும் ஆவியாவதற்கே செலவானாலும் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் அதிகம் போகாது. நடைமுறையில் நல்ல நாளில் 6, 7 மி.மீ கிடைத்தால் நல்ல காய்ச்சல். இதில் ஆழத்துக்குப் பெரிய பங்கு இல்லை. 'தண்ணீரை மெல்லிசாகக் கட்டினால் சீக்கிரம் காயும்' என்பது பாதிதான் உண்மை. டிகிரி வேகமாக ஏறும், அவ்வளவுதான். ஒரு நாளில் ஆவியாகும் மொத்த லிட்டரைத் தீர்மானிப்பது பரப்பே.

வெயில் எழுப்பும் ஆவியைக் காற்று அகற்ற வேண்டும். காற்று நின்றுவிட்டால் தண்ணீரை ஒட்டி ஈரமான ஒரு படலம் தங்கி, ஆவியாதல் மந்தமாகிறது. ஆனால் எந்தக் காற்று என்பதும் முக்கியம். பங்குனி, சித்திரையில் பிற்பகலில் கடலிலிருந்து வரும் காற்று ஈரத்தோடு வருகிறது. ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி மழையை அங்கேயே இழந்துவிட்டு இறங்கும் மேல்காற்று உலர்ந்தது, வேகமானது. அதனால்தான் தூத்துக்குடியில் சித்திரை வெயிலை மட்டும் நம்பிக் கணக்குப் போடக்கூடாது. மேல்காற்று மாதங்கள் அதற்கு இளைத்தவை அல்ல, பல ஆண்டுகளில் மிஞ்சியும் போகும்.

மூன்றாவது கை தண்ணீரின் கரிப்பு. புதிதாக இறங்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். உப்பு கூடக் கூடத் தண்ணீர் ஆவியாக மறுக்கிறது. கடல்நீர் நன்னீர் போலவே கிட்டத்தட்டக் காயும். உப்பு விளையும் நிலையில் இருக்கும் நீர் நன்னீரில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் காயும். கசப்புநீர் இன்னும் மெதுவாக.

இதற்கு ஓர் எல்லைக்கோடும் உண்டு. உப்பு முழுதாகக் கரைந்து நிறைந்த நீரும் அதன் மேலுள்ள காற்றும் ஒரே வெப்பத்தில் இருந்தால், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொடும்போது ஆவியாதல் நின்றுவிடும். அதற்கு மேல் போனால் பாத்தி காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். பகலில் வெயில் பாத்தி நீரைக் காற்றைவிடச் சூடாக்கிவிடுவதால் இந்தக் கோடு தெரிவதில்லை. பொழுது சாய்ந்து நீர் குளிர்ந்ததும் தெரியும். கடலோர இரவில் ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவது சாதாரணம். எனவே கடல்நீரை முதலில் தேக்கிவைக்கும் தெப்பத்தில் இருக்கும் நீர் இரவிலும் கொஞ்சம் காயும். உப்புப் பாத்தி காயாது, சில இரவுகளில் நனைந்துகொண்டே விடியும். வெறும் மக்னீசியம் குளோரைடு நிறைந்த கரைசலுக்கு இந்தக் கோடு 33 சதவீதத்தில் இருக்கிறது. கசப்புநீர் ஒட்டிய உப்பு மூட்டையிலும் ஒழுகுவதற்கு இதுவே காரணம்.

நிலத்தை அமைத்தல்

தண்ணீர் போகும் வழி இது: கடலோடையிலிருந்து அல்லது கிணற்றிலிருந்து தெப்பம், தெப்பத்திலிருந்து வரிசையான காய்ச்சல் பாத்திகள், அங்கிருந்து உப்புப் பாத்தி, அதிலிருந்து கசப்புநீர் ஓடை. முதல் ஏற்றத்துக்கு மட்டும் மோட்டார். அதன் பிறகு நிலத்தின் சரிவிலேயே மடை வழியாக இறங்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தளம் சில விரல்கடை தாழ்ந்திருந்தால் போதும். ஒவ்வொரு மாற்றலுக்கும் இன்ஜின் வைக்க வேண்டிய அளம் டீசலுக்கே உழைக்கும்.

தெப்பத்தில் தண்ணீர் இரண்டடி வரை நிற்கலாம். இங்கே சேறு படியும், சுண்ணாம்பு படியும். தளத்தில் பாசிப்பாய் மெல்லிசாகப் படர்ந்தால் அதை அவசரப்பட்டு வாரிவிடாதீர்கள்; கசிவைக் குறைக்கும். காய்ச்சல் பாத்திகளில் ஓர் அடியில் தொடங்கி, டிகிரி ஏற ஏற அரை அடி, அதற்கும் கீழ் என்று குறைத்துக்கொண்டே வரலாம். குறைந்தது நான்கு, ஐந்து பாத்திகளாகப் பிரியுங்கள். ஒரே பெரிய பாத்தியாக விட்டால் புதுத் தண்ணீரும் பழைய தண்ணீரும் கலந்து, முன்னேறிய டிகிரி பின்னுக்குப் போகும். கடைசிக் காய்ச்சல் பாத்தியில் 20 முதல் 25 டிகிரி வரை ஏறுகிறது. ஜிப்சம் இங்கே முள் போலக் குத்தும் படிகமாகத் தளத்தில் கட்டும். அது இங்கேயே கட்ட வேண்டும், உப்புப் பாத்தியில் அல்ல.

உப்புப் பாத்தி கைவேலைக்கு ஏற்ற அகலத்தில் இருக்கட்டும். வரப்பில் நின்று பலகையை வீசினால் எட்ட வேண்டும். நீளப் பக்கத்தை மேல்காற்றுக்குக் குறுக்காக வைப்பது நல்லது. காற்று வீசும் திசையிலேயே நீளமாக இருந்தால் தண்ணீர் ஒரு கோடிக்கு ஒதுங்கும். மறுகோடியில் தளம் வெளியே தெரியும், மிதக்கும் உப்பெல்லாம் ஒரு மூலையில் மண்ணோடு குவியும்.

தளம் கட்டுவது தை மாதத்து வேலை, அதுவும் அவசரப்படக் கூடாத வேலை. மழைத்தண்ணீரை வடித்து, மேலே படிந்த சேற்றை எடுத்துவிட்டு, களிமண் தளத்தை நனைத்து மிதிக்க வேண்டும். இரண்டு, மூன்று நாள் மிதித்து, காயவிட்டு, லேசாக வெடிப்பு ஓடத் தொடங்கும்போது மறுபடி நனைத்து மிதித்து, மட்டப்பலகை போட்டு, திமிசால் அடித்து இறுக்குவார்கள். நனைப்பதற்கு நல்ல தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். உப்பேறிய களிமண் நன்னீர் பட்டால் குழம்பிக் கரைந்து பிரியும்; கரிப்புநீர் பட்டால் ஒன்றுசேர்ந்து இறுகும். முதல் ஏற்றத்துக்கு முன் 20 டிகிரிக்கு மேற்பட்ட நீரை ஓரிரு நாள் தளத்தில் நிறுத்தி ஊறவிட்டால் மண் அதைக் குடித்துக்கொள்ளும். பிறகு வரும் 25 டிகிரி நீரைக் குடிக்காது. கால் அழுந்தினால் குழி விழும் தளம் இன்னும் தயாராகவில்லை. அதில் வாரினால் பலகையோடு மண்தான் வரும்.

11 ஏக்கர் அளம்: ஒரு கணக்கு

நீர்ப்பரப்பு மட்டும் 11 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். தெப்பமும் காய்ச்சல் பாத்திகளும் 10 ஏக்கர், உப்புப் பாத்தி 1 ஏக்கர். நன்னீர் நாளுக்கு 6 மி.மீ காயும் பருவம்.

ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். உப்புப் பாத்தியில் காய்ச்சல் 6-இல் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி, 3.9 மி.மீ. ஆக ஒரு நாளில் 15,800 லிட்டர் ஆவியாகும். 67 லிட்டர் ஆவியானால் 20 கிலோ என்ற கணக்கில் 4.7 டன் உப்பு படிய வேண்டும். அதற்கு எவ்வளவு கடல்நீர்? 15,800-ஐ 67-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் சுமார் 2,36,000 லிட்டர். இந்த நீரை 25 டிகிரிக்குக் கொண்டுவர அதில் பத்தில் ஒன்பது பங்கு, 2,12,000 லிட்டர், மேலேயே ஆவியாக வேண்டும். பத்து ஏக்கரில் சராசரி 5.3 மி.மீ காய்ந்தால் 2,14,000 லிட்டர் போகும். சரியாகப் பொருந்துகிறது. ஒன்றுக்குப் பத்து என்ற விகிதம் இங்கிருந்துதான் வருகிறது.

உப்புப் பாத்தியைக் கூட்டிக் காய்ச்சல் பரப்பைக் குறைத்தால் அதிக உப்பு வரும் என்று நினைப்பது பெரிய தவறு. 25 டிகிரி நீர் கிடைக்காமல் பாத்தி காத்திருக்கும். காத்திருக்கப் பொறுமையில்லாதவர் 22-இல் ஏற்றுவார். அப்போது இன்னும் விழாத ஜிப்சம் உப்போடு சேர்ந்து விழும்.

4.7 டன் என்பது காகிதக் கணக்கு. அதை முதலில் தின்பது கசிவு. ஓர் ஏக்கர் உப்புப் பாத்தியில் நாளுக்கு 1 மி.மீ கசிந்தால் 4,047 லிட்டர் நீர் போகிறது. 25 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 270 கிராம் உப்பு. ஆக ஒரு டன்னுக்கு மேல் மண்ணுக்குள் போயிற்று. அதே 1 மி.மீ கடல்நீர்த் தெப்பத்தில் கசிந்தால் ஏக்கருக்குச் சுமார் 110 கிலோதான் நட்டம். செலவழிக்கக் காசு கொஞ்சம்தான் இருந்தால் அதை எங்கே போட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை: கடைசிக் காய்ச்சல் பாத்தியின் தளத்திலும் உப்புப் பாத்தியின் தளத்திலும்.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அடி ஒழுகாத ஓர் அரை டிரம்மைப் பாத்திக்குள் இறக்கி, பாத்தி நீரையே அதில் பாத்தி மட்டத்துக்கு நிரப்புங்கள். உள்ளேயும் வெளியேயும் ஒவ்வோர் அளவுகோல் நட்டு, மடையை அடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். டிரம்முக்குள் இறங்கியது காய்ச்சல் மட்டும். வெளியே அதைவிடக் கூடுதலாக இறங்கியது கசிவு.

கிணற்று நீர் 7 டிகிரியில் கிடைக்கிற இடமானால் கணக்கு மாறிவிடும். 900 லிட்டருக்குப் பதில் 390 லிட்டரை ஆவியாக்கினால் போதும். 10 ஏக்கருக்குப் பதில் நாலரை ஏக்கர் காய்ச்சல் பரப்பு அதே உப்புப் பாத்திக்குத் தீனி போடும். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கங்களில் நிலத்தடி உவர்நீரை நம்பிப் பல அளங்கள் நடப்பது இதனால்தான். ஆனால் நிலத்தடி நீரில் உப்புகளின் விகிதம் கடல்நீர் போலவே இருக்கும் என்பதில்லை. இரும்பு கலந்திருந்தால் உப்பில் பழுப்பு ஏறும். அந்த நீரைத் தெப்பத்தில் சில நாள் காற்றுப்படத் தேக்கினால் இரும்பில் ஒரு பகுதி செந்நிற வண்டலாகக் கீழே படிந்துவிடும்.

ஏற்றுவது, கலக்குவது, வடிப்பது

காலையில் கடைசிக் காய்ச்சல் பாத்தி 25 காட்டுகிறது. உப்புப் பாத்தியின் தளம் இறுகியிருக்கிறது. மடையைத் திறந்து இரண்டு முதல் மூன்று அங்குலம் வரை ஏற்றுங்கள். மடைவாயில் ஒரு வலையோ முள்கட்டோ வைத்தால் ஜிப்சத் துணுக்கும் குப்பையும் உள்ளே வராது.

ஓரிரு நாளில் மேலே மெல்லிய உப்புப் படலம் மிதக்கும். காற்று குறைந்த பகலில் அது நன்றாகவே தெரியும். இந்தப் படலத்தை அப்படியே விட்டால் நீரின் மேல் மூடி போட்டதுபோல் காய்ச்சலைக் குறைக்கும். பல் பலகையோ கோலோ கொண்டு கலைத்து மூழ்கடிக்க வேண்டும். அடியில் விழுந்த உப்பையும் தினமும் ஒருமுறை லேசாகக் கீறிக் கிளறிவிடுவது நல்லது. கிளறாத உப்பு தளத்தோடு பாறையாக ஒட்டிக்கொள்ளும். கிளறிய உப்பு மணி மணியாகத் தனித்து வளரும். ரொம்பவும் கிளறினால் மண் எழும், உப்பும் பொடியாகும். சேறு எழுந்து நீர் கலங்கினால் அன்றைக்குப் போதும் என்று விட்டுவிடுங்கள்.

காய்ந்து குறைந்த அளவுக்குத் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் 25 டிகிரி நீரை ஏற்றுங்கள். தளத்தில் உப்பு ஒருபோதும் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் கசப்புநீர் அதன் மேல் காய்ந்து ஒட்டிவிடும். மணி பெரிதாக வேண்டுமானால் நீரைக் கொஞ்சம் ஆழமாக வைத்து, டிகிரியை மெதுவாக ஏறவிட வேண்டும். மெல்லிய நீர், கடும் காற்று, வேகமான காய்ச்சல் என்றால் உப்பு பொடியாகத்தான் விழும். அந்தப் பொடி இடைவெளிகளில் அதிகக் கசப்புநீரைப் பிடித்துவைக்கும்.

ஏற்ற ஏற்றப் பாத்தி நீரின் டிகிரி மெல்ல உயரும். 28-ஐத் தாண்டியதும் தினமும் பாருங்கள். உண்ணும் உப்புக்கு 29-இல் வடித்துவிடுவது பாதுகாப்பு. தோல் பதனிடுதல், மீன் பதனம், ஆலைப் பயன்பாடு என்றால் வாங்குகிறவரின் தேவைக்கேற்ப 30 வரை சிலர் விடுவார்கள். 29-க்கும் 30-க்கும் இடையே விழும் கூடுதல் உப்பு, அதுவரை விழுந்ததில் பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தச் சிறு பங்குக்காக முழு உப்பையும் கசப்பாக்குவது கட்டுப்படியாகாது. வடிக்கும் நீரைத் திரும்பக் காய்ச்சல் பாத்தியில் விடவே கூடாது. மக்னீசியம் அளத்துக்குள் சுற்றிச் சுற்றிச் சேர்ந்துகொண்டே போய், மானி 25 காட்டும்போதும் உப்பு விளையாத நிலை வரும்.

நாளுக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்ற கணக்கில் உப்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. கசிவையும் கழித்துப் பார்த்தால் பத்து நாளில் கால் முதல் அரை அங்குலம் வரை இருக்கக்கூடும். அரை விரல்கடைக்கும் குறைவான உப்பை வாரப் போனால் பலகை தளத்தைத் தொட்டுச் சேற்றையும் சேர்த்து இழுக்கும். மழைக்குறி தெரியும் நாள் மட்டும் இதற்கு விலக்கு.

வாருவது விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிய வேண்டும். பாத்திக்குள் கொஞ்சம் நீர் இருக்கும்போதே வாருபலகையால் இழுத்து, அந்த நீரிலேயே அலசியபடி வரப்போரம் ஒதுக்குங்கள். அலச 25 டிகிரி நீரே ஏற்றது. ஏற்கெனவே நிறைந்த நீராகையால் உப்பைக் கரைக்காது. ஒட்டிய கசப்புநீரையும் சேற்றையும் மட்டும் கொண்டுபோகும். நல்ல தண்ணீரில் அலசினால் லிட்டருக்கு முன்னூறு கிராமுக்கு மேல் உப்பு கரைந்து போகும். வரப்போரத்தில் சிறு குவியலாக ஒரு நாள் வடியவிட்ட பிறகே, உப்பைக் குவித்துவைக்கும் தட்டுமேட்டுக்குத் தூக்க வேண்டும். இந்த வேலையில் காலும் கண்ணும்தான் அடிபடுகின்றன. ரப்பர் பூட்ஸும் கறுப்புக் கண்ணாடியும் நிழலும் குடிதண்ணீரும் கொடுக்காமல் நடத்தும் அளத்தைத் தொழில் தெரிந்த அளம் என்று சொல்ல முடியாது.

கெடுவது எப்படி, தெரிவது எப்படி

கோடை மழைதான் முதல் எதிரி. 10 மி.மீ மழை ஓர் ஏக்கரில் 40,000 லிட்டர் நன்னீரைக் கொட்டுகிறது. அது முழுவதும் உப்பைக் கரைத்து நிறைந்தால் 14 டன் வரை கரைந்துபோகும். மூன்று நாள் விளைச்சல். தப்பிக்க ஒரு வழி உண்டு. மழைநீர் இலேசானது, கரிப்புநீர் கனமானது. காற்று பலமாக அடிக்காவிட்டால் சில மணி நேரம் மழைநீர் மேலேயே நிற்கும். அந்த நேரத்துக்குள் மடையின் மேல்பலகையை மட்டும் எடுத்து மேல்தண்ணீரைக் கசியவிட வேண்டும். அடிமடையைத் திறந்தால் கரிப்புநீர் போய் மழைநீர் மிஞ்சும். பாத்தியில் மூன்று அங்குலம் நின்றிருந்தால் உப்பு தப்பிக்கும். அரை அங்குலம் நின்ற பாத்தியில் ஒன்றும் மிஞ்சாது. 25 டிகிரி நீரைச் சேமிக்க, பரப்பு குறைந்த ஆழமான ஒரு குழி கடைசிப் பாத்தியை ஒட்டி இருந்தால், வானம் கறுக்கும்போது கொஞ்சமாவது அதில் இறக்கிவிடலாம்.

மற்றவை உப்பைக் கையில் எடுத்தால் தெரியும். உப்பு கசந்து, காலையில் ஈரமாகப் பிசுபிசுத்தால் வடிக்கத் தாமதமாயிற்று, அல்லது அலசவில்லை. தண்ணீரில் கரைத்தால் அடியில் கரையாத வெண்துகள் நின்றால் ஜிப்சம். 25-க்கு முன்பே ஏற்றியிருக்கிறீர்கள். அது சாம்பல் நிற வண்டலாக நின்றால் தளம் இளகியிருக்கிறது, அல்லது மேல்காற்று புழுதி கொண்டுவந்து போடுகிறது. காற்று வரும் பக்கத்துப் பாதையை நனைத்து வைப்பதும் அந்தப் பக்க வரப்பை உயர்த்துவதும் உதவும்.

தண்ணீரின் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 20 டிகிரிக்கு மேல் நீர் இளஞ்சிவப்பாவது அந்தக் கரிப்பிலும் வாழும் நுண்ணுயிர்களால். அந்த நிறம் வெயிலைக் கூடுதலாக உறிஞ்சிக் காய்ச்சலுக்கு உதவுகிறது. நடு டிகிரிகளில் நீந்தும் சிறு உப்பிறால்கள் பாசியைத் தின்று நீரைத் தெளிவாக்குகின்றன. பச்சையாகக் குழகுழவென்று நூல் இழுக்கும் நீர்தான் சங்கடம். அதில் படலம் சீக்கிரம் கட்டும், மணி வளராது. பெரும்பாலும் தெப்பத்தில் சாக்கடையோ இறால் பண்ணைக் கழிவோ கலந்திருக்கும். அந்த நீரை உப்புப் பாத்திவரை கொண்டுபோகாமல் வடிப்பதே மலிவான வைத்தியம்.

தட்டுமேட்டில்

அம்பாரம் போடும் இடம் சுற்றுப்புறத்தைவிட உயர்ந்து, நடுவில் மேடாக, ஓரத்தில் வடிகாலோடு இருக்கட்டும். வாரிய அன்று உப்பில் கணிசமான ஈரம் இருக்கும். அந்த ஈரம் பெரும்பாலும் கசப்புநீரே. சில வாரம் நிற்கும்போது அது தானாகவே அடியில் வடியும். ஒரு லேசான மழை அம்பாரத்தின் மேல் பட்டால் எளிதில் கரையும் மக்னீசியம் உப்புகள் முதலில் போய், உப்பு சுத்தமாகும், எடை குறையும். பழைய உப்புக்குக் கூடுதல் விலை சொல்வதில் நியாயம் இருக்கிறது. கனமழைக்கு முன் கூம்பாகவோ கூரைச் சரிவாகவோ தட்டி, கீற்றாலோ தார்ப்பாயாலோ மூடிவிட வேண்டும். மேடு தட்டையாக இருந்தால் தண்ணீர் தேங்கி நடுவிலேயே குழி விழும்.

பாத்தியிலிருந்து வந்த உப்பு அப்படியே சமையலுக்கு விற்பனைக்குப் போகக் கூடாது. உண்ணும் உப்பில் அயோடின் சேர்க்க வேண்டும் என்பது சட்டம்: வாங்குகிறவர் கைக்கு வரும்போது பத்து லட்சம் பங்குக்கு 15-க்குக் குறையாமல். ஈரமும் மக்னீசியமும் அதிகமுள்ள உப்பில் சேர்த்த அயோடின் நிற்காது. ஈரத்தோடு மூட்டையின் அடிக்கு இறங்கிவிடும். அயோடின் கலக்கும் ஆலைக்காரர் உப்பை வாங்குமுன் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பார்ப்பார். கை ஈரமானால் விலையைக் குறைப்பார், அல்லது இன்னும் இரண்டு வாரம் வடியவிட்டு அழைக்கச் சொல்லிவிட்டுப் போவார்.